எடையிட்ட சராசரி மூலதனச் செலவு

எடையிட்ட சராசரி மூலதனச் செலவு என்பது, ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்த பங்குதாரர்களும் கடன் கொடுத்தோரும் எதிர்பார்க்கும் வருவாய் விகிதங்களை, அவரவர் பணத்தின் பங்குக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டிக் கிடைக்கும் ஒரே விகிதமாகும். புதிய திட்டம் ஒன்றில் முதலீடு செய்யலாமா என்று பார்க்கும்போது, அதன் எதிர்காலப் பணவரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர இந்த விகிதமே பயன்படுகிறது. வாய்பாடு சிறியது:

```
WACC = (E/V) × Re + (D/V) × Rd × (1 − T)
V = E + D
```

இதில் E என்பது பங்கு மூலதனத்தின் சந்தை மதிப்பு, D என்பது கடனின் சந்தை மதிப்பு. Re பங்குதாரர் எதிர்பார்க்கும் வருவாய் விகிதம், Rd இன்று கடன் வாங்கினால் கொடுக்க வேண்டிய வட்டி விகிதம், T நிறுவன வருமான வரி விகிதம்.

வாய்பாட்டை மனப்பாடம் செய்வது எளிது. தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, E, D ஆகியவற்றுக்கு இருப்புநிலைக் குறிப்பில் உள்ள ஏட்டு மதிப்பை எடுத்துக்கொள்வது. மற்றொன்று, (1 − T) என்ற சிறு பெருக்கல் எதைச் செய்கிறது என்று தெரியாமல் அதே வரிச் சேமிப்பை இன்னோர் இடத்திலும் சேர்த்துவிடுவது. இரண்டுமே ஒரு திட்டத்தை ஏற்பதா, தள்ளுவதா என்ற முடிவைத் தலைகீழாக்கக் கூடியவை. கற்பனையான ஒரு நூற்பாலை நிறுவனத்தின் கணக்கைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டு நிறுவனம்

இந்த நூற்பாலை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ரூ. 10 முகமதிப்புள்ள 1 கோடி பங்குகள் உள்ளன. ஆகவே ஏட்டில் பங்கு முதல் ரூ. 10 கோடி. பல ஆண்டுகளாகச் சேர்ந்த காப்பு நிதி ரூ. 50 கோடி. இரண்டும் சேர்ந்து பங்குதாரர் நிதி ரூ. 60 கோடி. ஒரு பங்கின் இன்றைய சந்தை விலை ரூ. 180.

கடன் இரண்டு வகை. வங்கியில் வாங்கிய தவணைக் கடன் ரூ. 30 கோடி, இதன் வட்டி சந்தை நிலவரப்படி மாறிக்கொண்டே இருக்கும், இப்போது 10%. மற்றொன்று கடனீட்டுப் பத்திரங்கள்: ரூ. 1,000 முகமதிப்பில் 5 லட்சம் பத்திரங்கள், அதாவது ரூ. 50 கோடி. வட்டி குறைவாக இருந்த காலத்தில் 8% வட்டிக்கு வெளியிடப்பட்டவை. ஆண்டுக்கு ஒருமுறை வட்டி, இன்னும் 5 ஆண்டுகளில் முதிர்வு. இன்று இதே தரமுள்ள பத்திரத்துக்குச் சந்தை கேட்கும் வருவாய் 10%.

ஏட்டு மதிப்பு ஏன் உதவாது

பங்குதாரர் எதிர்பார்க்கும் வருவாயை முதலில் கண்டுபிடிப்போம். மூலதனச் சொத்து விலையிடல் மாதிரியின்படி, இடரற்ற வருவாய் விகிதத்துடன், சந்தையின் இடர் ஊதியத்தைப் பீட்டாவால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அரசுப் பத்திரத்தின் வருவாய் 7%, சந்தையின் இடர் ஊதியம் 6%, நூற்பாலைப் பங்கின் பீட்டா 1.2 என்று கொண்டால், 7 + (1.2 × 6) = 14.2%.

இந்த 14.2% எதன் மேல்? அதுதான் கேள்வி. இன்று ஒருவர் இந்தப் பங்கை வைத்திருக்கிறார் என்றால், நினைத்த நேரத்தில் அதை ரூ. 180-க்கு விற்று, இதே அளவு இடருள்ள வேறு பங்கை வாங்க முடியும். அவர் கையில் முடங்கியிருக்கும் பணம் ரூ. 180. எனவே அவர் எதிர்பார்ப்பது அந்த 180-இன் மேல் 14.2%, அதாவது பங்குக்கு ரூ. 25.56. ஏட்டில் பங்கு ஒன்றுக்கு ரூ. 60 என்று எழுதியிருப்பது, கடந்த காலத்தில் நிறுவனத்துக்குள் வந்த பணத்தின் பதிவு மட்டுமே. அந்த விலைக்கு யாரும் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விகிதத்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு, எடையைப் பழைய ஏட்டிலிருந்து எடுப்பது, இன்றைய தங்க விலையைப் பாட்டி காலத்து எடைச்சீட்டோடு பெருக்குவது போன்றது.

ஆகவே E என்பது 1 கோடி பங்கு × ரூ. 180 = ரூ. 180 கோடி. இங்கே வணிகவியல் மாணவர்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: காப்பு நிதி ரூ. 50 கோடியை இதனுடன் சேர்க்க வேண்டாமா? வேண்டாம். காப்பு நிதியும் பங்குதாரருடையதே. சந்தை பங்குக்கு ரூ. 180 விலை வைக்கும்போதே அந்த நிதியால் வாங்கிய இயந்திரம், கட்டடம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் வைக்கிறது. மறுபடி கூட்டினால் ஒரே பொருளை இரு முறை எண்ணியதாகும். சில தேர்வு வினாக்களில் பங்கு முதலுக்கும் காப்பு நிதிக்கும் தனித்தனிச் செலவு விகிதம் கொடுத்திருப்பார்கள். அங்கேயும் மொத்தம் ரூ. 180 கோடியைத் தாண்டக் கூடாது. அதை ஏட்டு விகிதமான 10-க்கு 50 என்ற கணக்கில் ரூ. 30 கோடி, ரூ. 150 கோடி என்று பிரித்துக்கொள்வது வழக்கம்.

கடனுக்கு வருவோம். வங்கிக் கடனின் வட்டி சந்தையோடு சேர்ந்தே மாறுவதால் அதன் சந்தை மதிப்பும் ஏட்டு மதிப்பும் ஒன்றே, ரூ. 30 கோடி. பத்திரத்துக்கு அப்படி இல்லை. ஆண்டுக்கு ரூ. 80 வட்டி மட்டுமே தரும் பத்திரத்தை, 10% எதிர்பார்க்கும் சந்தையில் யாரும் ரூ. 1,000 கொடுத்து வாங்க மாட்டார்கள். அதன் விலை:

```
80 × 3.7908    = 303.26
1000 × 0.62092 = 620.92
மொத்தம்        = 924.18
```

முதல் வரியில் உள்ளது 10% விகிதத்தில் 5 ஆண்டு வட்டிகளின் நிகழ்கால மதிப்பு; இரண்டாவது, 5 ஆண்டு கழித்து வரும் முதலின் நிகழ்கால மதிப்பு. 5 லட்சம் பத்திரங்களுக்கு ரூ. 46.21 கோடி. ஆக D = 30 + 46.21 = ரூ. 76.21 கோடி.

Rd-க்கும் 8% அல்ல, 10%-தான். எட்டு விழுக்காட்டுக்குக் கடன் கிடைத்தது பழைய நல்வாய்ப்பு. இனிச் செய்யப்போகும் திட்டத்துக்கு அந்த வட்டியில் யாரும் கடன் தரப்போவதில்லை. பருத்தி விற்றவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி போன்ற வணிகக் கடன்களை D-இல் சேர்ப்பதில்லை. அவற்றின் செலவு கொள்முதல் விலைக்குள்ளேயே அடங்கி, திட்டத்தின் பணவரவுக் கணக்கில் நடைமுறை மூலதனமாக வந்துவிடுகிறது.

வரிக் கேடயம்

கடனுக்குக் கொடுக்கும் வட்டி வரிக்கு முன் கழிக்கப்படும் செலவு. பங்குதாரருக்குக் கொடுக்கும் ஈவுத்தொகை வரி கட்டியபின் மிஞ்சும் இலாபத்திலிருந்து போவது. இந்த வேறுபாட்டால் வட்டியின் ஒரு பகுதியை அரசே ஏற்றுக்கொள்வது போல் ஆகிறது. இதைத்தான் வரிக் கேடயம் என்கிறார்கள்.

நூற்பாலையின் வட்டிக்கு முந்தைய இலாபம் ரூ. 30 கோடி என்று கொள்வோம். இந்தியாவில் 2019-இல் கொண்டுவரப்பட்ட சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு அடிப்படை வரி 22%. அதன் மேல் 10% கூடுதல் வரி, இவ்விரண்டின் மேல் 4% தீர்வை. 22 × 1.10 × 1.04 = 25.168%. கடனே இல்லாவிட்டால் வரி ரூ. 7.55 கோடி. இப்போது உள்ளபடி வங்கிக்கு ரூ. 3 கோடியும் பத்திரதாரர்களுக்கு ரூ. 4 கோடியும் ஆக ரூ. 7 கோடி வட்டி கட்டினால், வரிக்குரிய இலாபம் ரூ. 23 கோடி, வரி ரூ. 5.79 கோடி. வரியில் மிச்சம் ரூ. 1.76 கோடி. அது சரியாக 7 × 25.168%. வட்டியாக வெளியே போனது 7 கோடி என்றாலும் நிறுவனத்தின் உண்மைச் சுமை ரூ. 5.24 கோடிதான்.

ஃபிராங்கோ மோதிகிலியானி, மெர்ட்டன் மில்லர் இருவரும் 1958-இல் மூலதன அமைப்பு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு 1963-இல் தாங்களே ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். அந்தத் திருத்தத்தின் மையம் இந்த வரிச் சேமிப்புதான். அதை அவர்கள் முதலில் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள்.

முன்னுரிமைப் பங்குக்கு நிலையான விகிதத்தில் ஈவு கொடுத்தாலும் அது ஈவுதான், வட்டி அல்ல. அதற்கு (1 − T) போடக் கூடாது.

T-க்கு எந்த விகிதம் என்பதிலும் கவனம் வேண்டும். ஆண்டறிக்கையில் கட்டிய வரியை இலாபத்தால் வகுத்துக் கிடைக்கும் சராசரி விகிதம் அல்ல. வட்டி ஒரு ரூபாய் கூடினால் வரி எத்தனை காசு குறையும் என்பதைச் சொல்லும் விளிம்பு விகிதமே தேவை.

கணக்கீடு

வரிக்குப் பிந்தைய கடன் செலவு 10 × (1 − 0.25168) = 7.483%. மொத்த மதிப்பு V = 180 + 76.21 = ரூ. 256.21 கோடி.

```
E/V = 180 / 256.21   = 0.7026
D/V = 76.21 / 256.21 = 0.2974
WACC = 0.7026 × 14.2% + 0.2974 × 7.483%
     = 9.98% + 2.22%
     = 12.20%
```

விடை சரிதானா என்று ரூபாயில் சோதித்துப் பார்க்கலாம். பங்குதாரர் எதிர்பார்ப்பு 180 கோடியில் 14.2% = ரூ. 25.56 கோடி. கடன்காரருக்கு, வரிச் சேமிப்பு போக, 76.21 கோடியில் 7.483% = ரூ. 5.70 கோடி. ஆக ரூ. 31.26 கோடி. இதை 256.21-ஆல் வகுத்தால் அதே 12.20%.

இதையே ஏட்டு மதிப்பில் செய்தால்? பங்குதாரர் நிதி 60, கடன் 80, மொத்தம் 140. எடைகள் 42.86%, 57.14%. மற்ற விகிதங்களை மாற்றாமல் விட்டாலும் விடை 10.36%. பத்திரத்துக்குப் பழைய 8% வட்டியையும் எடுத்துக்கொண்டால் 9.83% வரை இறங்கிவிடும்.

இப்போது நிறுவனம் ரூ. 20 கோடியில் புதிய கதிர் இயந்திரங்கள் வாங்க எண்ணுகிறது. வரிக்குப் பின் ஆண்டுக்கு ரூ. 3.95 கோடி வீதம் 8 ஆண்டுகளுக்குப் பணவரவு கிடைக்கும், இறுதியில் இயந்திரத்துக்கு விலை ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 10.36% விகிதத்தில் 8 ஆண்டுக் காரணி 5.266, வரவின் நிகழ்கால மதிப்பு ரூ. 20.80 கோடி. திட்டம் ரூ. 80 லட்சம் இலாபம் போலத் தெரியும். சரியான 12.20% விகிதத்தில் காரணி 4.933, மதிப்பு ரூ. 19.49 கோடி, அதாவது ரூ. 51 லட்சம் குறைவு. ஏட்டு எடையை நம்பி இயந்திரம் வாங்கியவர் கணக்குப் பதிவேட்டில் இலாபமே காண்பார். பங்குதாரருக்கு மட்டும் எதிர்பார்த்த வருவாய் வராது. அதனால்தான் இந்தத் தவறு வெளியே தெரிய நெடுங்காலம் ஆகிறது.

வரிச் சேமிப்பை இரு முறை எண்ணுதல்

மேலே சொன்ன ரூ. 3.95 கோடி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது முக்கியம். திட்டத்துக்குக் கடனே இல்லை என்பது போல, வட்டிக்கு முந்தைய இலாபத்தின் மேல் முழு வரியையும் கழித்து, தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி வந்த தொகை அது. வட்டியும் அதன் வரிச் சேமிப்பும் அதில் இல்லை. அவை இரண்டும் 12.20% என்ற விகிதத்துக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்போது ஒருவர், 'இயந்திரம் வாங்கும் 20 கோடியில் ஏறக்குறைய 6 கோடி கடன்தானே, அதற்கு 60 லட்சம் வட்டி, அதனால் வரி 15 லட்சம் குறையுமே' என்று எண்ணி, ஆண்டு வரவை ரூ. 4.10 கோடி ஆக்குகிறார். அந்த 15 லட்சம் உண்மையான சேமிப்பு என்பதால் யாருக்கும் ஐயம் வராது. ஆனால் 4.10 கோடியை அதே 12.20% கொண்டு கழித்தால் நிகழ்கால மதிப்பு ரூ. 20.23 கோடி. 51 லட்சம் நட்டம் 23 லட்சம் இலாபமாகிவிட்டது! ஒரே கேடயத்தை வரவிலும் விகிதத்திலுமாக இரு முறை பிடித்ததன் விளைவு.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. திட்ட அறிக்கையில் பணவரவுப் பட்டியலைப் பார்க்கும்போது 'வட்டி' என்ற வரி எங்கேனும் இருந்தாலோ, வரியானது வட்டி கழித்த இலாபத்தின் மேல் போடப்பட்டிருந்தாலோ, கீழே கழிவு விகிதத்தில் (1 − T) இருக்கக் கூடாது. வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கைகளில் கடன் தவணை அட்டவணை கட்டாயம் இருக்கும். அந்த அட்டவணையிலிருந்து வரியை அப்படியே நகலெடுப்பதால்தான் இந்தப் பிழை அடிக்கடி நுழைகிறது.

நுட்பமான ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். வாய்பாடு எடுத்துக்கொள்ளும் வட்டி 76.21 கோடியில் 10%, அதாவது ரூ. 7.62 கோடி. உண்மையில் இப்போது கட்டும் வட்டி ரூ. 7 கோடி. வருமான வரித் துறை கழிக்க அனுமதிப்பது கட்டும் வட்டியைத்தான். அப்படியானால் வாய்பாடு தவறா? பழைய கடனைப் பற்றிய கணக்காக இருந்தால் சற்றுப் பிசகும். நாம் பார்ப்பது புதிய திட்டம். அதற்கு வாங்கும் புதிய கடனுக்கு 10% வட்டி கட்டி, அந்த 10%-இன் மேலேயே வரி மிச்சம் பெறுவோம் என்பதால் இங்கே பொருந்துகிறது.

பங்கு விலை சரியும்போது

சந்தை எடைக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், விலை நாள்தோறும் ஆடுகிறது என்பது. நூற்பாலைப் பங்கு ரூ. 120-க்கு இறங்கிவிட்டதாகக் கொள்வோம். E = 120, V = 196.21. பங்கின் எடை 61.16% ஆகக் குறைகிறது. மற்றவற்றைத் தொடாமல் விட்டால் சராசரிச் செலவு 11.59%. பங்கு விலை சரிந்ததால் மூலதனம் மலிவாகிவிட்டது என்ற விந்தையான முடிவு!

தவறு எடையில் இல்லை. விலை இறங்கியதால் அதே கடன் இப்போது சிறிய பங்கு மதிப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பங்குதாரரின் இடர் கூடிவிட்டது. அப்படியிருக்க Re மட்டும் 14.2%-இலேயே நிற்க முடியாது. இராபர்ட் ஹமாடா 1972-இல் தந்த தொடர்பைக் கொண்டு பீட்டாவைத் திருத்தலாம்:

```
கடனற்ற பீட்டா = 1.2 / (1 + 0.74832 × 76.21/180)    = 0.911
புதிய பீட்டா   = 0.911 × (1 + 0.74832 × 76.21/120) = 1.344
Re = 7 + 1.344 × 6 = 15.07%
WACC = 0.6116 × 15.07% + 0.3884 × 7.483% = 12.12%
```

எடை பெரிதாக மாறியும் விடை 12.20-இலிருந்து 12.12-க்குத்தான் நகர்ந்தது. அந்தச் சிறு குறைவும் கடனின் பங்கு கூடியதால் வரும் கூடுதல் வரிக் கேடயமே. கடனை ஏற்றிக்கொண்டே போனால் மூலதனச் செலவு குறைந்துகொண்டே போகும் என்று நினைப்போர் இந்த நான்கு வரிகளை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். மலிவான கடனின் இலாபத்தில் பெரும் பகுதியைப் பங்குதாரரின் கூடுதல் எதிர்பார்ப்பு விழுங்கிவிடுகிறது. ஹமாடாவின் தொடர்பு கடனுக்குச் சந்தை இடரே இல்லை என்று கொள்வதால், கடன் மிகுந்த நிறுவனங்களில் பீட்டாவை மிகைப்படுத்திக் காட்டும்.

இந்த ஆட்டத்தைத் தவிர்க்கப் பலர் ஒரு நாள் விலைக்குப் பதிலாக, நிறுவனம் நீண்ட காலம் கடைப்பிடிக்க எண்ணும் கடன் விகிதத்தை எடையாகக் கொள்கிறார்கள். அந்த விகிதமும் சந்தை மதிப்பில் சொல்லப்பட்டதாக இருக்க வேண்டும்.

பொருந்தாத இடங்கள்

வாய்பாட்டில் (1 − T) போடும்போது, வட்டியைக் கழிக்கப் போதிய இலாபம் ஒவ்வோர் ஆண்டும் இருக்கும் என்று நாம் பேசாமல் ஒப்புக்கொள்கிறோம். நட்டத்தில் ஓடும் ஆலைக்கு வரியே இல்லை. இல்லாத வரியைச் சேமிக்க முடியாது. அந்த ஆண்டுகளுக்கு கடன் செலவு 7.483% அல்ல, முழு 10%. இந்தியச் சட்டப்படி வணிக நட்டத்தை 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம் என்பதால் கேடயம் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. ஆனால் தாமதமாக வரும் சேமிப்பின் இன்றைய மதிப்பு குறைவு.

கடன் விகிதம் திட்டக் காலம் முழுவதும் மாறாமல் இருக்கும் என்பது இன்னோர் அனுமானம். தவணை தவணையாக அடைத்து முடிக்கும் கடனில் வாங்கிய ஒற்றைத் திட்டத்துக்கு இது சரிவராது. கேடயம் ஆண்டுக்காண்டு தேயும். அத்தகைய இடத்தில், கடனே இல்லை என்று திட்டத்தை முதலில் மதிப்பிட்டு, ஒவ்வோர் ஆண்டின் வரிச் சேமிப்பையும் தனியே நிகழ்கால மதிப்பாக்கிக் கூட்டுவது நல்லது. ஸ்டூவர்ட் மையர்ஸ் 1974-இல் முன்வைத்த இந்த முறைக்குத் திருத்திய நிகழ்கால மதிப்பு முறை என்று பெயர். இதில் (1 − T) கழிவு விகிதத்துக்குள் நுழைவதே இல்லை.

பட்டியலிடப்படாத நிறுவனத்துக்குச் சந்தை விலை கிடையாது. E தெரிந்தால்தான் மூலதனச் செலவு; மூலதனச் செலவு தெரிந்தால்தான் நிறுவனத்தின் மதிப்பு, அதிலிருந்து E. இந்தச் சுழலை அவிழ்க்க, அதே தொழிலில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களின் சந்தை மதிப்புக் கடன் விகிதத்தை முதல் எடையாக எடுத்துக்கொண்டு மதிப்பிட்டு, கிடைத்த E-ஐ மறுபடி வாய்பாட்டில் இட்டு, விடை அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுவார்கள். வழக்கமாக நான்கைந்து சுற்றுகளுக்குள் நின்றுவிடும்.